குறுகிய கழுத்துப் பாட்டிலில் இறுகிய கறை: அரிசியும் கல் உப்பும் போட்டு எடுப்பது எப்படி

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடி பாட்டிலில் மணிபிளான்ட் இரண்டு வருடம் இருந்தது. முக்கால் லிட்டர் பாட்டில், கழுத்தின் உள்வாய் கட்டைவிரல் அகலம்தான். போர்வெல் தண்ணீர்தான் ஊற்றுவோம், குறையக் குறைய மேலே சேர்ப்போம். கொடியை மண்தொட்டிக்கு மாற்றிய பிறகு பாட்டிலைப் பார்த்தால், தோள்பட்டைப் பகுதியில் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளை வளையம். அதற்குக் கீழே சுவர் முழுக்கப் பச்சைப் பாசி காய்ந்து ஒட்டியிருந்தது. அடியில், ஓரத்துப் பள்ளத்தில், பழுப்பு நிற வண்டல். பிரஷ் உள்ளே போகவில்லை. போன ஒரு மெல்லிய பிரஷும் தோளுக்கு வளையவில்லை.

அரிசியையும் உப்பையும் போட்டுக் குலுக்கினால் போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதிதான். அரிசி தேய்க்கும், கரைக்காது. காய்ந்து இறுகிய கறையின் மேல் நேரடியாக அரிசியைப் போட்டு அரை மணி நேரம் குலுக்கினாலும் கைதான் வலிக்கும். முதலில் கறையை அதற்கேற்ற ஒன்றால் இளக்க வேண்டும். அப்புறம்தான் அரிசிக்கும் உப்புக்கும் வேலை. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

முதலில் என்ன கறை என்று பாருங்கள்

வீட்டில் வருவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, உப்புத் தண்ணீர் விட்டுப்போகும் வெள்ளைப் படிவு. பூச்சாடி, மணிபிளான்ட் பாட்டில், தண்ணீர் பாட்டில் ஆகியவற்றில் வருவது இதுதான். இதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கல்லின் அதே பொருள். சோப்புக்கு இது அசையாது, புளிப்புக்குத்தான் கரையும். பாசி இருந்தால் அதுவும் இந்தப் படிவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். படிவு விட்டால் பாசியும் விடும்.

இன்னொன்று எண்ணெய்ப் பிசுக்கு. நல்லெண்ணெய் பாட்டிலில் நாள்பட்ட எண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டு வார்னிஷ் மாதிரி மஞ்சளாக இறுகிவிடும். தேங்காய் எண்ணெய் அப்படி ஆகாது. குளிருக்கு உறையும், வெந்நீர் பட்டால் உருகி வந்துவிடும். நல்லெண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீர் மட்டும் போதாது, வினிகரும் பயன்படாது. அதற்குக் காரம் வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கழுத்திலோ அடியிலோ மயிரிழை விரிசல் தெரிந்தால் இந்த முறை வேண்டாம். குலுக்கும்போது கையிலேயே உடையலாம். உள்பக்கம் வண்ணமோ தங்கப்பூச்சோ உள்ள பூச்சாடிக்கும் வேண்டாம், பூச்சு உரிந்து வந்துவிடும். ஈயம் கலந்த கிரிஸ்டல் கண்ணாடியில் வினிகரை மணிக்கணக்கில் ஊற வைக்கக் கூடாது. புளிப்பு அந்த ஈயத்தை வெளியே இழுக்கும்.

எந்த அரிசி, எந்த உப்பு

புழுங்கல் அரிசிதான் நல்லது. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்துவதால் மணி இறுகி உறுதியாகிறது. பச்சரிசி சீக்கிரம் நொறுங்கும், மாவு கலங்கிக் கஞ்சித் தண்ணீர் போல ஆகிவிடும், உள்ளே கறை போனதா இல்லையா என்றே தெரியாது. இட்லி அரிசி குண்டாக இருப்பதால் சுவரில் நன்றாக மோதும். ஆனால் அடிப்பள்ளத்தின் இடுக்குக்குள் போகாது. அந்த இடத்துக்கு நொய் ஒரு கரண்டி சேர்த்துக்கொள்வேன். உடைந்த மணிக்கு முனை கூர்மை, இடுக்கிலும் நுழையும்.

உப்பு, கல் உப்பாக இருக்கட்டும். தூள் உப்பு தண்ணீரில் பட்டதும் கரைந்து ஓடிவிடும், தேய்ப்பதற்குள் காணாமல் போய்விடும்.

இங்கே ஒரு கவனம் வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அரிசியும் உப்பும் கண்ணாடியைவிட மென்மையானவை, அதனால் அவை கீறாது. ஆனால் மணல் கண்ணாடியைவிடக் கடினம். ரேஷன் அரிசியில் வரும் சிறு கல்லும், உப்பளத்திலிருந்து கல் உப்போடு வரும் மணலும் பாட்டிலின் உள்ளே போனால் கோடு கோடாகக் கீறிவிடும். கீறல் விழுந்த இடத்தில் அடுத்த கறை இன்னும் சுலபமாகப் பிடிக்கும். அதனால் சோற்றுக்குக் கல் பொறுக்குவது போலவே இதற்கும் பொறுக்குங்கள். உப்பைச் சோதிக்க, ஒரு கரண்டி எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் முழுவதும் கரைத்துவிட்டு அடியைப் பாருங்கள். மணல் நின்றால் அந்த உப்பு வேண்டாம். மணலையே போட்டுப் பாட்டில் கழுவுவதை நான் இதனால்தான் ஒத்துக்கொள்வதில்லை.

இளக்குதல்: ஒரு இரவு

மணிபிளான்ட் பாட்டிலுக்கு நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, வருகிற வண்டலை வெளியே விட்டேன். பிறகு கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரைத் தண்ணீர் கலக்காமல், வெள்ளை வளையம் முழுவதும் மூழ்கும் அளவுக்குப் புனல் வைத்து ஊற்றினேன். வளையம் தோளில் இருந்ததால் கிட்டத்தட்ட பாட்டில் முழுக்க ஊற்ற வேண்டியிருந்தது. இதில் சிக்கனம் பார்த்துப் பாதி தண்ணீர் கலந்தால் வேலை பாதி வேகத்துக்கு விழும். அந்த வினிகரை வீணாக்கவும் வேண்டாம். வடிகட்டி வைத்து, குழாய் முனையில் படிந்த வெள்ளையைத் துடைக்க எடுத்துக்கொள்ளலாம்.

ஊற்றிய சிறிது நேரத்தில் வளையத்தின் மேல் சின்னச் சின்னக் குமிழி ஏறத் தொடங்கியது. அதுதான் அடையாளம். புளிப்பு சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. குமிழி வந்தால் கறை எது என்பதும் உறுதி, மருந்து சரி என்பதும் உறுதி. வாயை மூடாதீர்கள், அந்த வாயு வெளியே போக வழி வேண்டும். தூசு விழாமல் ஒரு துணியை மேலே போட்டால் போதும்.

ஒரு இரவு விட்டேன். காலையில் வளையம் மெலிந்து, ஓரங்கள் உரிந்து நின்றது. பாசி சுவரிலிருந்து தோல் போலக் கழன்றிருந்தது. முழுவதும் போகவில்லை, போகவும் வேண்டாம். இனி தேய்த்தால் வரும் நிலைக்கு வந்துவிட்டது, அதுதான் தேவை.

வினிகரோடு சமையல் சோடாவைச் சேர்த்துப் பொங்க விடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. பார்க்க நன்றாக நுரைக்கும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர் மாதிரிதான். சுண்ணாம்பைக் கரைக்க வேண்டிய புளிப்பு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அதைவிட முக்கியம், வினிகரோடோ எலுமிச்சையோடோ பிளீச்சிங் பவுடரை எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும்.

குலுக்குதல்

வினிகரை வடித்துவிட்டு, அடியில் கொஞ்சம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் லிட்டர் பாட்டிலுக்கு என் கணக்கு இது: புழுங்கல் அரிசி மூன்று மேசைக்கரண்டி, நொய் ஒரு மேசைக்கரண்டி, கல் உப்பு மூன்று மேசைக்கரண்டி, வினிகர் 60 மி.லி., அதாவது நான்கு மேசைக்கரண்டி. காகிதத்தைச் சுருட்டிப் புனல் செய்துகொண்டால் அரிசி கழுத்தில் அடைக்காமல் இறங்கும். பிளாஸ்டிக் புனலின் குழாய் அரிசிக்குக் குறுகல்.

திரவம் ஏன் இவ்வளவு குறைவு என்றால், அதற்கு இரண்டு காரணம். பாட்டிலில் தண்ணீர் நிறைந்திருந்தால் அரிசி அதில் மிதமாக ஆடிக்கொண்டிருக்கும், சுவரில் மோதாது. வெற்றிடம் இருந்தால்தான் மணி வேகமாகப் போய்த் தேய்க்கும். இரண்டாவது, 100 மி.லி. தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்பு கரையும். 60 மி.லி.யில் 20 கிராம் சொச்சம்தான் கரைய முடியும். மூன்று கரண்டி கல் உப்பு 45 கிராமுக்குப் பக்கம் வரும், ஆக பாதி உப்பு கரையாமல் கல்லாகவே நின்று தேய்த்துக்கொண்டிருக்கும். பாட்டிலைத் தண்ணீரால் நிரப்பிவிட்டு உப்பு போட்டால் அது வெறும் உப்புக் கரைசல், அவ்வளவுதான்.

இனி கையசைவு. மேலும் கீழுமாகக் குலுக்குவதுதான் முதலில் தோன்றும், ஆனால் அது அடியையும் கழுத்தையும் மட்டுமே தொடும். சுவருக்கு வேறு அசைவு வேண்டும். பாட்டிலை நேராக நிறுத்தி, அடியை ஒரு கையால் தாங்கி, கழுத்தை மறு கையால் பிடித்து வட்டமாகச் சுழற்றுங்கள். அரிசி சுவரோடு ஒரு வளையமாக ஓடும் சத்தம் கேட்கும். அந்தச் சரசரப்பு சீராக இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு நிமிடம்.

தோளுக்குப் பாட்டிலைச் சாய்த்துப் படுக்கைவாட்டில் பிடித்து, மோர் கடையும் மத்தைப் போல இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் முன்னும் பின்னும் உருட்டுங்கள். கழுத்துப் பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தினால் அரிசியும் உப்பும் தோளுக்கு வந்து சேரும், வெள்ளை வளையம் இருக்கும் இடத்திலேயே உருளும். எனக்கு அந்த வளையம் போனது இந்த அசைவில்தான். கழுத்துக்கு, வாயைத் துணியால் மூடித் தலைகீழாகப் பிடித்துச் சிறு சிறு உதறல் போதும். அடிப்பள்ளத்துக்கு நேராக நிறுத்தி, மேசைமேல் மடித்த துண்டை விரித்து அதன் மேல் வேகமாகச் சுழற்றுங்கள். நொய் அந்த ஓரத்தில் போய்ச் சேர்ந்து அரைக்கும்.

வாயை மூட வேண்டியபோது உள்ளங்கையோ மடித்த துணியோ போதும். திருகுமூடி போட்டு இறுக்காதீர்கள், இன்னும் குமிழி வந்துகொண்டிருக்கலாம். கை ஈரமாக இருந்தால் கண்ணாடி வழுக்கும், அதனால் பாட்டிலைச் சுற்றி ஒரு ஈரமில்லாத துண்டு கட்டிக்கொள்வது என் பழக்கம். வாஷ்பேசினுக்கு மேலே நின்று செய்யாமல், கீழே தரையில் உட்கார்ந்து மடியில் துண்டு விரித்துச் செய்தால், நழுவினாலும் உடையாது.

ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கிண்ணத்தின் மேல் வடிகட்டியை வைத்துக் கொட்டுங்கள். அரிசியின் நிறத்தைப் பாருங்கள். முதல் சுற்றில் என் அரிசி பச்சையும் பழுப்புமாக வந்தது. இரண்டாம் சுற்றுக்குப் புது அரிசி, புது உப்பு. அது இளம் சாம்பல் நிறம். மூன்றாவது சுற்றில் போட்ட வெள்ளையிலேயே திரும்பி வந்தது. பாட்டிலுக்குள் கண் போகாத இடத்துக்கு அரிசிதான் சாட்சி. நிறம் மாறாமல் வந்தால் இனி தேய்க்க ஒன்றுமில்லை. மூன்று சுற்றுக்குப் பிறகும் அரிசி சுத்தமாக வந்து, கறை மட்டும் கண்ணுக்குத் தெரிந்தால், அது இன்னும் இளகவில்லை. இன்னும் வேகமாகக் குலுக்குவதில் பயனில்லை, மறுபடி வினிகரில் ஒரு இரவு விட வேண்டும்.

ஊற விட்டுப் போகக் கூடாது

ஒரு தடவை இதில் நான் தவறு செய்திருக்கிறேன். பூச்சாடியில் அரிசியும் தண்ணீரும் போட்டு, காலையில் குலுக்கலாம் என்று வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். விடிவதற்குள் அரிசி ஊறிப் பருத்து, அடியில் ஒரு கட்டியாகச் சேர்ந்துவிட்டது. கவிழ்த்ததும் அது அப்படியே வந்து கழுத்தில் அடைத்துக்கொண்டது. நேராகக் குத்தினால் இன்னும் இறுகும். அப்போது கைகொடுத்தது துடைப்பத்து ஈர்க்குச்சி. பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, நிமிர்த்தி வைத்து, ஈர்க்குச்சியின் மெல்லிய நுனியால் கட்டியின் ஓரத்தைக் கிளறிக் கிளறி விட்டால் மணி மணியாகப் பிரியும். பிறகு பாட்டிலைச் சாய்த்துச் சுழற்றிக்கொண்டே கவிழ்த்தால் தண்ணீரோடு வந்துவிடும். கம்பி விட்டுக் கிளறாதீர்கள், உள்ளே கோடு விழும். ஊறுவது வினிகர் மட்டும், அரிசி போட்ட பிறகு உடனே வேலையை முடித்துக் கொட்டிவிட வேண்டும்.

நல்லெண்ணெய் பாட்டில் என்றால்

வரிசை அதேதான், இளக்கும் பொருள்தான் வேறு. தண்ணீர் படுவதற்கு முன், காய்ந்த நொய்யும் உப்பும் இரண்டு கரண்டி போட்டு வெறுமனே சுழற்றிக் கொட்டுங்கள். அடியில் இன்னும் திரவமாக நிற்கும் எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அரை லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடாவைக் கரைத்து ஊற்றி, ஒரு இரவு விடுங்கள். இது சமையல் சோடா இல்லை, துணிக்குப் போடும் சலவைச் சோடா. கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், தோலை உரிக்கும்.

வெந்நீர் என்றால் கை பொறுக்கும் சூடு. கொதிக்கும் நீரைக் குளிர்ந்த பாட்டிலில் ஊற்றினால் உள்சுவர் விரியும், வெளிச்சுவர் விரியாது, பாட்டில் டக்கென்று பிளக்கும். கனமான அடி உள்ள பாட்டில்களுக்கு இந்த ஆபத்து அதிகம். முதலில் வெதுவெதுப்பான நீரில் பாட்டிலைக் கழுவிச் சூடேற்றிக்கொண்டு அப்புறம் ஊற்றுங்கள்.

காலையில் வடித்துவிட்டு, அதே அளவு அரிசியும் கல் உப்பும், 60 மி.லி. வெதுவெதுப்பான நீரும், பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டும் விட்டுச் சுழற்றுங்கள். திரவம் அதிகமானால் நுரை பாட்டிலை நிரப்பி அரிசியின் வேகத்தைக் குறைக்கும். பிசுக்கோடு வெள்ளைப் படிவும் இருந்தால் முதலில் சோடா, நன்றாக அலசிய பிறகு வினிகர். எண்ணெய்ப் படலம் மேலே இருக்கும்வரை புளிப்பு கீழே உள்ள சுண்ணாம்பைத் தொடாது.

பூச்சிமருந்தோ மண்ணெண்ணெயோ வைத்திருந்த பாட்டிலை எவ்வளவு தேய்த்தாலும் உணவுப்பொருள் வைக்கப் பயன்படுத்தாதீர்கள்.

அலசுவதும் காயவைப்பதும்

அரிசியையும் உப்பையும் வாஷ்பேசினில் கொட்ட வேண்டாம், அரிசி குழாய்க்குள் ஊறி அடைக்கும். வடிகட்டியில் நின்றதைக் குப்பைக்கு அனுப்புங்கள். உப்பேறிய அரிசி கோழிக்கும் காக்கைக்கும் ஆகாது, உப்புத் தண்ணீர் செடித்தொட்டிக்கும் ஆகாது. பாட்டிலை நாலைந்து முறை அலசி, வெளிச்சத்தில் பிடித்து ஒரு மணி அரிசிகூட அடியில் ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தங்கினால் பூஞ்சை பிடித்து நாறும்.

கடைசி அலசலுக்கு மட்டும் போர்வெல் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. குடிநீரோ மழைநீரோ ஒரு டம்ளர் போதும். இல்லாவிட்டால் காயும் ஒவ்வொரு சொட்டும் தன் சுண்ணாம்பை விட்டுவிட்டு, அடுத்த வெள்ளைப் புள்ளியாக நிற்கும். கவிழ்த்து வைக்கும்போது வாய் தரையோடு ஒட்டாமல் சாய்த்து வையுங்கள், காற்று உள்ளே போக வேண்டும். இரண்டு நாளானாலும் ஈரம் போகாத பாட்டிலுக்குள், பழைய பருத்தி வேட்டியிலிருந்து கிழித்த நீளமான நாடா ஒன்றை அடிவரை இறக்கி, மறுமுனையை வாய்க்கு வெளியே தொங்க விடுங்கள். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அது அடி ஈரத்தை இழுத்து வெளியே காயவிடும். எண்ணெய் பாட்டிலுக்கு இது அவசியம்.

காய்ந்த பிறகு பாட்டில் மறுபடி மங்கலாகத் தெரிகிறதா? அந்த இடத்தில் ஈர விரலை வைக்க முடியாது, அதனால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்தால் தெளிவாகி, காய்ந்தால் மறுபடி மங்கினால், இன்னொரு இரவு வினிகரில் வையுங்கள். குமிழியும் வராமல், மங்கலும் குறையாமல் இருந்தால் அது கறையே இல்லை. தண்ணீர் ஆண்டுக்கணக்கில் நின்று கண்ணாடியின் மேல்பரப்பையே அரித்துவிட்டது. அதை அரிசியாலும் உப்பாலும் எடுக்க முடியாது. என் பாட்டிலில் தோளுக்குக் கீழே அப்படி ஒரு விரல்கடை அகலத்துக்கு மங்கல் நிற்கிறது. வெள்ளை வளையமும் பாசியும் போய்விட்டன. இப்போது அதில் தண்ணீர் ஊற்றி நந்தியாவட்டைக் கிளை ஒன்றை வைத்திருக்கிறேன், வாரம் ஒரு முறை தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுகிறேன்.